ஏலச் சீட்டு: உங்கள் கொப்பியில் காசு எங்கே குறைகிறது?

களுவாஞ்சிகுடியோ கல்முனையோ, சீட்டுப் பிரச்சினை என்று வருகிறவர்கள் முதலில் சொல்வது ஒன்றுதான்: “கொப்பியில எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கு.” எழுதியிருப்பது சரிதான், கூட்டிப் பார்த்தால்தான் உதைக்கும்.

சீட்டுகளுக்கென்று 1935இலேயே ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. அதன்படி பதிந்து நடத்தப்படும் ஊர்ச் சீட்டு ஒன்றைக்கூட நான் கண்டதில்லை. ஆகவே உங்களைக் காக்கப்போவது கொப்பியும் அதிலுள்ள கையெழுத்தும்தான்.

20 பேர், ஆளுக்கு மாதம் 5,000 ரூபா என்று ஒரு சீட்டை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 100,000. நாலாம் மாதம் ஒருவர் 20,000 கழிவு கேட்டுச் சீட்டை எடுக்கிறார், அவருக்குச் சேரவேண்டியது 80,000. நடத்துபவரின் கமிசன் 5,000 என்று முதலிலேயே பேசியிருக்கிறது. கழிவில் மிச்சம் 15,000. அதை 20 பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு 750. அதுதான் உங்கள் லாபப் பங்கு. அந்த மாதம் நீங்கள் கட்டவேண்டியது 4,250.

இதைச் சரிபார்க்கப் பெரிய கணக்கு வேண்டாம். எல்லாரும் கட்டியதைக் கூட்டுங்கள், எடுத்தவருக்குக் கொடுத்ததைக் கழியுங்கள். மிச்சம் கமிசனுக்குச் சமமாக இருக்க வேண்டும். 20 தடவை 4,250 என்றால் 85,000. அதில் 80,000 போனால் 5,000. சரி.

இப்போது அதே மாதம் கொப்பியில் “கட்டணம் 4,500” என்று எழுதியிருந்தால்? 250 ரூபாதானே என்று யாரும் வாய் திறப்பதில்லை. ஆனால் சேர்ந்தது 90,000. எடுத்தவருக்கு 80,000தான் போயிருக்கிறது. கமிசனுக்கு மேலே இன்னொரு 5,000 ஒரே மாதத்தில் காணாமல் போய்விட்டது. தனி ஆளின் கொப்பியில் இது தெரியாது. எடுத்தவரின் கொப்பியைப் பக்கத்தில் வைத்தால்தான் பிடிபடும். வெள்ளாமைச் செலவுக்கு ஆட்கள் போட்டிபோட்டுக் கழிவு கேட்கும் மாதங்களை முதலில் பாருங்கள். அப்போதுதான் பங்கு பெரிதாக வரும், குறைத்தாலும் தெரியாது.

எடுத்தவர் கவனிக்கவேண்டியது வேறு. அவரும் அந்த மாதக் கட்டணத்தைக் கட்ட வேண்டும் என்பதால் 4,250ஐக் கழித்து 75,750ஐக் கையில் கொடுப்பார்கள். அது நியாயம். ஆனால் கழித்தபிறகும் “இந்த மாதக் கட்டணம் பாக்கி” என்று அடுத்த பக்கத்தில் ஏறியிருக்கும். அதனால் கையில் வாங்கிய தொகையை எழுதி, கழித்த தொகையையும் கீழே எழுதி, இரண்டுக்கும் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். காசு முழுவதும் கைக்கு வருமுன் “பெற்றுக்கொண்டேன்” என்று எழுதிக் கொடுக்காதீர்கள்.

கடைசிச் சீட்டுக்காரர் தன் பங்குகளை எல்லாம் கூட்டிப் பார்க்க வேண்டும். மொத்தப் பங்கு 9,500 என்றால் அவர் கட்டியது 90,500 ஆக இருக்கும். கடைசி மாதம் ஏலம் இல்லை, கமிசன் போக 95,000 கையில் வர வேண்டும். அதிகம் ஏமாறுவது இவர்தான். “ரெண்டு பேர் கட்டயில்ல, வந்தாத் தாறன்” என்பார்கள். அந்த இரண்டு பேர் பெயருக்கு நேரே கொப்பியில் “கட்டியாச்சு” என்று இருந்தால், நடத்துபவரின் பேச்சுக்கு அவர் எழுத்தே எதிர்ச்சாட்சி. அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள்.

அப்புறம் அலுவலக அலைச்சல். பொலிஸில் “இது குடியியல் விடயம்” என்பார்கள். கிராம உத்தியோகத்தர் பிரதேச செயலகத்தைக் காட்டுவார், அங்கே கூட்டுறவு அலுவலகத்தைக் காட்டுவார்கள். கூட்டுறவில் முதல் கேள்வியே “பதிவிலக்கம் என்ன?”. உங்களுடையது பதிந்த சிக்கன கடனுதவு சங்கம் என்றால் அங்கே போவதில் அர்த்தம் உண்டு. வெறும் ஊர்ச் சீட்டுக்கு அந்தப் படி ஏறி ஒரு நாள் கூலியைத் தொலைக்க வேண்டாம்.

நேரே மத்தியஸ்த சபைக்கு எழுதிக் கொடுங்கள். பெரும்பாலும் வார இறுதியில் பாடசாலைகளில் கூடும், சட்டத்தரணி தேவையில்லை. அவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை, மற்றவர் ஒத்துவராவிட்டால் கட்டாயப்படுத்தவும் முடியாது. அப்படி முடிந்தால் இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். சிறு தொகை வழக்குக்கு நீதிமன்றம் அதைத்தான் முதலில் கேட்கும். மற்றவர் வந்து தவணைக்கு ஒத்துக்கொண்டால் தொகையையும் திகதியையும் இணக்கப் பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். “விரைவில்” என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒரு பொறி இருக்கிறது, அது காலம். வாய்ப்பேச்சு உடன்படிக்கையென்றால் 3 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும், எழுத்தில் இருந்தால் 6 வருடம். “தாறன், தாறன்” என்று இழுத்தடிப்பவர்களில் சிலருக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். சீட்டுத் தொடங்கும் நாளிலேயே ஆட்கள், தொகை, கமிசன், எடுத்தவருக்கு எத்தனை நாளில் காசு என்று ஒரு தாளில் எழுதி நடத்துபவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அவர் முகம் சுளித்தால் அந்தச் சீட்டில் சேராமல் விடுங்கள்.