வராதவரின் கடிதத்தை யார் வாசிப்பது?

மேடைத் தொகுப்பாளராக நான் தொடங்கிய காலத்தில், வர முடியாத விருந்தினரின் வாழ்த்துச் செய்தியை நிகழ்ச்சிக்குப் பத்து நிமிடம் முன்பு கையில் திணிப்பார்கள். "சார், அப்படியே படிச்சிடுங்க." நானும் அப்படியே படித்தேன், 'பெறுநர்', 'பொருள்' உட்பட. அரங்கம் சிரித்தது.

அப்புறம் ஒரு பள்ளியின் பொன்விழா வந்தது. மூட்டு அறுவை சிகிச்சையால் நிறுவனர் வர முடியவில்லை. இந்த முறை கடிதத்தை முதல் நாளே வாங்கிவிட்டேன். "உங்கள் முன் நிற்கும் இவ்வேளையில்" என்று தொடங்கியது. வருவதாக இருந்தபோது எழுதியது போலும். நானாகத் திருத்தவில்லை. கையெழுத்து அவருடையது. வீட்டுக்குப் போன் செய்தேன். "உங்கள் முன் நிற்க நினைத்திருந்தேன்" என்று அவரே மாற்றிக் கொடுத்தார்.

சத்தமாக வாசித்துக் கடிகாரம் பார்த்தால் ஆறு நிமிடம். ஒதுக்கியிருந்தது மூன்று. எதை விடலாம் என்பதையும் அவரிடமே கேட்டேன். தேர்ச்சி விகிதங்களை எடுக்கச் சொன்னார், சமையல்கட்டு ஆயாம்மாவைப் பற்றிய பகுதியைத் தொடக்கூடாது என்றார்.

கடிதத்தில் ஒரு வாக்கியம் எட்டு வரிக்கு ஓடியது. கொட்டகையில் தொடங்கி, கடன் வாங்கி, சுவர் எழுப்பி என்று எச்சமாகவே போய்க் கடைசியில்தான் வினைமுற்று. மூச்சு விடும் இடங்களில் பென்சிலால் கோடு போட்டேன். அந்த இடங்களில் குரல் இறங்கக் கூடாது. இறங்கினால் வாக்கியம் முடிந்துவிட்டதென்று பாதியிலேயே கைதட்டிவிடுவார்கள்.

சரி, யார் வாசிப்பது? வாசலை மறிக்கும் காரை எடுக்கச் சொல்லி அறிவித்த அதே குரல், "நான் இந்தப் பள்ளியைத் தொடங்கியபோது" என்றால் அந்த 'நான்' ஒட்டாது. பள்ளியின் முதல் மாணவர்களில் ஒருவராகப் படித்து, அங்கேயே ஆசிரியையாக இருப்பவரை வாசிக்கச் சொன்னோம். கடிதம் யாருடையது, அவர் ஏன் வரவில்லை, யார் வாசிக்கிறார் என்று மட்டும் சொல்லிவிட்டு மைக்கை விட்டு விலகினேன். நிறுவனரின் கரகரப்பைப் பாவனை செய்ய வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தேன். பிள்ளைகள் மிமிக்ரி என்று சிரித்துவிடுவார்கள்.

கடிதத்தின் நடுவே, "என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்து, மிச்சம் வைத்தால் திட்டும் ஆயாம்மா வந்திருக்கிறாரா?" என்று ஒரு கேள்வி. ஒத்திகையில் டீச்சர் அதை ஒரே ஓட்டமாகத் தாண்டிப் போனார். "இங்கே தாளிலிருந்து கண்ணை எடுங்க, அவரைத் தேடுங்க, பதில் வர்ற வரைக்கும் அடுத்த வரி வேண்டாம்" என்றேன். ஆயாம்மா விழாவுக்கு வருவதையும், எங்கே உட்காருவார் என்பதையும் உறுதி செய்துகொண்டேன். அவர் இல்லையென்றால் அந்தக் கேள்வி அரங்கில் அந்தரத்தில் தொங்கும்.

விழாவில் டீச்சர் நிறுத்தினார். பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்து அடுத்த வரியை வாசித்தார்: "வந்திருந்தால் எழுந்து நில்லுங்கள், எல்லாரும் பார்க்கட்டும்." ஆயாம்மா எழுந்தார்.

கடைசியில் நிறுவனரின் பெயரை வாசித்து, தாளை மடித்துக்கொண்டு டீச்சர் இறங்கினார். "எவ்வளவு உருக்கமான வரிகள்" என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டு, சற்று விட்டு, அடுத்த நிகழ்ச்சியை அறிவித்தேன்.