"அப்படிப் பேசாதீங்க அண்ணே": அந்த நேரத்துச் சொல்லும், அன்றே எழுதும் கடிதமும்

பினாங்கில் ஆலோசகராக இருக்கிறேன். வருகிறவர்கள் அடிக்கடி சொல்வது இது: "அந்த நேரத்துல வாயே வரல, வீட்டுக்கு வந்துதான் பதில் தோணுச்சு." ஒருவரின் கதையை, அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன்.

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வேலை. ஷிஃப்ட் மாறும் நேரம், ஆறேழு பேர் நிற்கிறார்கள். கழிவுக் கணக்கை அவர் நீட்டியதும் சூப்பர்வைசர் சிரித்தபடி, "உனக்கு எதுக்கும்மா கணக்கு? படிச்சவங்க பார்த்துக்குவாங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்து வைத்தார். அந்தச் சிரிப்புதான் மூன்று வாரம் அவரைத் தூங்கவிடவில்லை.

நாங்கள் இருவரும் உட்கார்ந்து, அடுத்த முறைக்கு இரண்டே வாக்கியம் தயார் செய்தோம்: "அண்ணே, எல்லார் முன்னாலயும் அப்படிப் பேசாதீங்க. கணக்குல தப்பு இருந்தா எந்த வரின்னு காட்டுங்க."

இதில் 'நீங்க எப்பவுமே இப்படித்தான்' என்ற பேச்சு இல்லை. அதைச் சொன்னால் சண்டை 'எப்பவுமே' என்ற சொல்லுக்குத் தாவிவிடும். மரியாதையும் குறையவில்லை, அண்ணே அண்ணேதான். சொன்ன பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும், கடினமான இடம் அதுதான். "சும்மா தமாஷுக்குச் சொன்னேன்" என்பார்கள். "தமாஷா இருந்தாலும் வேணாம்ணே" என்று ஒரே தடவை சொல்லி, வேலைக்குத் திரும்பிவிடலாம். குரல் நடுங்கினாலும் பரவாயில்லை. ஆனால் எதிரில் இருப்பவர் குடித்திருந்தாலோ, கை ஓங்கினாலோ பேச வேண்டாம், விலகிவிடுங்கள்.

அதே ஆள் மறுபடி அதே பேச்சு பேசினார். இவர் இரண்டு வாக்கியத்தையும் சொன்னார். அப்புறம் அன்று மாலையே, குரூப்பில் இல்லாமல் அவருக்கு மட்டும் இப்படி எழுதினார்:

"அண்ணே, இன்று காலை 7 மணிக்கு ஷிஃப்ட் மாறும்போது, மற்றவர்கள் முன்னால் என்னிடம் 'படிச்சவங்க பார்த்துக்குவாங்க' என்றீர்கள். அப்படிப் பேச வேண்டாம் என்று அப்போதே சொன்னேன். என் வேலையில் குறை இருந்தால் தனியாகச் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்."

'அவமானப்படுத்தினீர்கள்' என்ற சொல் இதில் இல்லாததைக் கவனியுங்கள். அது நம் கருத்து, அவர் மறுக்கலாம். சொன்ன சொல்லை மறுப்பது கஷ்டம். பின்னால் மனிதவளத் துறைக்கு மலாயில் புகார் எழுத நேர்ந்தாலும், அவர் பேசிய தமிழை அப்படியே போட்டு, கீழே மலாயில் பொருள் எழுதுங்கள். மொழிபெயர்ப்பை மட்டும் கொடுத்தால் குத்தல் காணாமல் போய்விடும்.

எழுதியதை உங்கள் சொந்தக் கைப்பேசியிலும் ஒரு நோட்டிலும் தேதியோடு வையுங்கள். வேலையை விட்டால் கம்பெனி மின்னஞ்சல் பூட்டப்பட்டுவிடும். நியாயமில்லாமல் வேலையிலிருந்து நீக்கப்பட்டதாக முறையிட, மலேசியாவின் 1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவு 60 நாட்கள்தான் தருகிறது.

அவருக்கு வந்த பதில், "சரிம்மா." அவ்வளவுதான், மன்னிப்பு இல்லை. அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொன்னேன்.