தொட்ட பிறகு மீன்

எங்கள் நாய் கருப்பன் வீட்டுக்குள் நடந்தால் சிமெண்ட் தரையில் டக் டக் என்று சத்தம் கேட்கும். நகம் வளர்ந்துவிட்டது என்பதற்கு அந்தச் சத்தமே போதும். நாங்கள் இருப்பது மண்டபம் பக்கம் வேதாளையில். அவன் ஓடித் திரிவதெல்லாம் கடற்கரை மணலில்தான். தார் ரோட்டில் நடக்கும் நாய்க்கு நகம் தானாகத் தேய்ந்து வரும். பொதபொதவென்ற மணலில் நகம் உள்ளே புதைந்துவிடுவதால் அந்த அளவுக்குத் தேய்வதில்லை. நீண்ட நகம் ஒவ்வொரு அடியிலும் தரையில் இடித்து விரலை மேலே தள்ளும். நாளாக நாளாக நாய் நிற்கும் விதமே மாறி, மூட்டு வலிக்கத் தொடங்கும்.

அவனுக்கு ஒரு வயதாக இருந்தபோது நானும் மச்சானும் பக்கத்து வீட்டு அண்ணனும் சேர்ந்து, அவனைப் படுக்கப்போட்டு அமுக்கிப் பிடித்து நகம் வெட்டினோம். நாலாவது நகத்தில் ரத்தம் வந்துவிட்டது. கொஞ்ச நேரம் திமிறிக் கத்தியவன் அப்புறம் அசையாமல் கிடந்தான். "பாத்தியா தம்பி, அடங்கிட்டான்" என்றார் அண்ணன். அவன் அடங்கவில்லை, உறைந்துபோயிருந்தான். அதற்குப் பிறகு இரண்டு வருடம், நகவெட்டி இருக்கும் அலமாரியைத் திறந்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். கால்நடை மருந்தகத்தில் டாக்டர் முன்காலைத் தொட்டதும் உறுமினான்.

அசையாமல் கிடப்பதும் பயமில்லாமல் இருப்பதும் ஒன்றல்ல என்பதை அறிவியல் நாய்களிடமிருந்தேதான் தெரிந்துகொண்டது. 1967-ல் அமெரிக்காவில் செலிக்மன், மேயர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்துச் சோதனை செய்தார்கள். இன்று படித்தாலும் மனம் வலிக்கும் சோதனை அது. என்ன செய்தாலும் அதிர்ச்சியை நிறுத்த முடியாத நிலையில் இருந்த நாய்களில் பல, பின்னர் தாண்டிக் குதித்தால் தப்பிக்கலாம் என்ற இடத்தில் விட்டபோதும் தப்பிக்க முயலாமல் அப்படியே கிடந்தன. நிறுத்தும் வழி கையில் இருந்த நாய்களுக்கு அப்படி ஆகவில்லை. வலி இரண்டு வகை நாய்களுக்கும் ஒன்றுதான், நிறுத்த முடியுமா முடியாதா என்பதில்தான் வித்தியாசம். கருப்பனுக்கு நாங்கள் திரும்பக் கொடுக்க வேண்டியிருந்தது அந்த நிறுத்தும் வழியைத்தான்.

கூடவே இன்னொன்றும் தேவைப்பட்டது. தொடுதல் என்றால் வலி என்று அவன் மூளை போட்டிருந்த முடிச்சுக்குப் பதிலாக வேறு முடிச்சு போட வேண்டும். 1924-ல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டு பயந்த பீட்டர் என்ற சிறுவனிடம் இதைச் செய்து காட்டினார். பையன் தனக்குப் பிடித்ததைச் சாப்பிடும்போது முயலைத் தூரத்தில் வைத்து, அவன் கலங்காத அளவுக்கு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தார். கடைசியில் பையன் முயலைத் தடவிக் கொடுத்தான். நாய்க்கும் அதே வழிதான். ஆனால் வீட்டில் செய்யும்போது பெரும்பாலானவர்கள் ஒரு இடத்தில் சறுக்கிவிடுகிறார்கள். நானும் அங்கேதான் முதலில் சறுக்கினேன்.

சறுக்கல் வரிசையில். நான் முதலில் மீனைக் கொடுத்துவிட்டு, அவன் தின்றுகொண்டிருக்கும்போது காலைப் பிடித்தேன். மூன்றாம் நாள் மீனைக் கண்டாலே பின்வாங்கினான். காரணம் எளிது. மூளை எப்போதும் "அடுத்து என்ன வரும்" என்றுதான் கணக்குப் போடுகிறது. முன்னால் வருவது, பின்னால் வருவதன் அறிவிப்பாகிவிடும். மீன் முன்னால் வந்தால், அது "காலைப் பிடிக்கப் போகிறார்கள்" என்ற அறிவிப்பு. தொடுதல் முன்னால் வந்து ஒரு வினாடிக்குள் மீன் வந்தால், தொடுதல் "மீன் வரப்போகிறது" என்ற அறிவிப்பு. கையை எடுத்ததும் மீனும் நின்றுவிட வேண்டும். முதலில் தொடு, அப்புறம் மீன். எல்லாமே இந்த வரிசையில்தான் நிற்கிறது.

மீன் என்றால் கருவாடு அல்ல. உப்புக் கருவாடு நாய்க்கு ஆகாது. சூடையோ நெத்திலியோ உப்பும் மசாலாவும் இல்லாமல் அவித்து, முள்ளை எடுத்துவிட்டு, பச்சைப்பயறு அளவுக்குப் பிய்த்து வைத்துக்கொள்வேன். ஒரு தடவைக்குப் பதினைந்து துண்டு போதும், இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதற்குமேல் நீட்டுவதில்லை.

ஒரு சின்ன முக்காலியில் பழைய துண்டை மடித்துப் போட்டேன். கருப்பன் தாடையை அதன்மேல் வைத்தால் மீன். முதலில் ஒரு வினாடி வைத்தாலே போதும். நாலைந்து நாளில் பத்து வினாடி வரை வைத்துக்கொண்டிருந்தான். இந்தத் தாடை வைப்புதான் அவனுடைய சம்மதம். தாடை கீழே இருக்கும்வரை நான் தொடலாம். தலையைத் தூக்கினால் அந்த நொடியே என் கை விலகிவிடும். திட்டு கிடையாது, திரும்ப வைக்கச் சொல்லிக் கெஞ்சலும் கிடையாது. முதல் வாரத்தில் பத்து பதினைந்து தடவை தூக்கித் தூக்கிப் பார்த்தான், நான் உண்மையாகவே நிறுத்துகிறேனா என்று சோதிப்பதுபோல. நிறுத்துகிறார்கள் என்று தெரிந்த பிறகு தூக்குவது தானாகக் குறைந்தது.

அப்புறம் தோள்பட்டையில் தொடங்கினேன். பாதம் பயப்படும் இடம் என்பதால் அதிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி. தோளைத் தொட்டு ஒரு துண்டு மீன். அது சாதாரணமானதும் முழங்கை, அடுத்து மணிக்கட்டு, பாதத்தின் மேல்பக்கம், பாதத்தைத் தூக்குவது, ஒரு விரலை மட்டும் பிடிப்பது. எத்தனை நாள் என்று கணக்கு வைக்காதீர்கள், நாய் முகத்தைப் பாருங்கள். உதட்டை நக்குவது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் திருப்பி வெள்ளைவிழி பிறைபோலத் தெரிவது, இளைத்துக்கொண்டிருந்த வாயைச் சட்டென்று மூடிக்கொள்வது, இவற்றில் ஒன்று வந்தாலும் நான் ஒரு படி அதிகமாகப் போய்விட்டேன் என்று அர்த்தம். மீனை வழக்கத்தைவிட வெடுக்கென்று பிடுங்கினாலும் அப்படியே. மீனைத் தொடவே மறுத்தால் அன்றைக்கு அதோடு சரி. உறுமினால் அடக்கக் கூடாது. உறுமல் எச்சரிக்கை மணி. அதை அடித்து நிறுத்தினால் பயம் போகாது, அடுத்த தடவை மணி அடிக்காமல் நேராகக் கடி வரும்.

நகவெட்டியில் பயம் இரண்டு. ஒன்று பொருள், இன்னொன்று சத்தம். இரண்டையும் பிரித்துப் பழக்கினால் சுலபம். பொருளை முதலில் தரையில் சும்மா வைத்தேன், அதைப் பார்த்தால் மீன். அப்புறம் கையில், அப்புறம் நகத்தின்மேல் உரசல் மட்டும். சத்தத்துக்கு விளக்குமாற்று ஈர்க்குச்சியை எடுத்து, நாலடி தள்ளி உட்கார்ந்து நறுக்கினேன். நறுக் என்றதும் மீன். நகம் வெட்டும் சத்தத்துக்கு அது நல்ல ஒத்திகை. பிறகு அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டே பக்கத்தில் ஈர்க்குச்சியை நறுக்கினேன். நகம் என்று ஒன்றை வெட்டியது ஐந்தாவது வாரத்தில்தான், அன்றைக்கு அந்த ஒன்று மட்டும்.

வெட்டும்போது தெரிய வேண்டியது நகத்துக்குள் இருக்கும் உயிர்ச்சதை. ரத்தக்குழாயும் நரம்பும் அதற்குள் ஓடுகின்றன, அதனால்தான் பட்டால் ரத்தத்தோடு வலியும். வெள்ளை நகத்தில் அது ரோஜா நிறத்தில் வெளியே தெரியும். கருப்பனுக்கு நகமும் கறுப்பு. கறுப்பு நகத்தை ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டராகச் சீவிக்கொண்டே வந்து, ஒவ்வொரு தடவையும் வெட்டிய முகத்தைப் பார்க்க வேண்டும். முதலில் காய்ந்த சுண்ணாம்புபோல வெளுப்பாக இருக்கும். நடுவில் ஒரு கரும்புள்ளி, கொஞ்சம் ஈரப்பசையோடு தெரிந்தால் நிறுத்திவிடுங்கள், அதற்கு அடுத்தது சதை. தவறிப் பட்டுவிட்டால் சோளமாவை அப்பி ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் பொதுவாக நின்றுவிடும். நீண்டுபோன நகத்தில் சதையும் சேர்ந்து நீண்டிருக்கும். ஒரே நாளில் குட்டையாக்க முடியாது. வாரம் ஒரு தடவை நுனியை மட்டும் சீவினால் சதை மெல்லப் பின்வாங்கும். கட்டைவிரல்போல முன்காலில் மேலே இருக்கும் நகத்தை மறக்காதீர்கள். தரையில் படாததால் அது தேயவே தேயாது, வளைந்து தோலுக்குள் குத்திவிடும். பின்காலில் அது இல்லாத நாய்களுக்கு மொத்தம் 18 நகம். நாளுக்கு ஒன்று என்றால்கூட மூன்று வாரத்துக்குள் ஒரு சுற்று முடிந்துவிடும்.

வீட்டில் இவ்வளவு தேறிய நாய் மருத்துவமனையில் பழையபடி நடுங்கலாம். அதற்கும் காரணம் உண்டு. பழைய பயம் மூளையிலிருந்து அழிவதில்லை, புதிய பாடம் அதன்மேல் உட்கார்ந்து அமுக்கி வைத்திருக்கிறது. அந்தப் புதிய பாடம் கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்ளும் குணமுள்ளது. ஸ்பிரிட் வாசனை, வழுக்கும் மேசை, தெரியாத ஆள் என்று இடம் மாறினால் பழையது எட்டிப் பார்க்கும். அதனால் வீட்டுத் திண்ணையிலேயே ஒத்திகை பார்த்தோம். ஸ்டெதஸ்கோப்புக்குப் பதில் குளிர்ந்த கரண்டியை நெஞ்சில் வைப்பது, உதட்டைத் தூக்கிப் பல் பார்ப்பது, காது மடலைப் புரட்டுவது, பிடரித் தோலைக் கிள்ளி ஊசியில்லாத சிரிஞ்சால் அழுத்துவது, ஈரப் பஞ்சால் துடைப்பது, எல்லாவற்றிலும் தாடை துண்டின்மேல். பிறகு மருந்தகத்துக்கு இரண்டு தடவை சும்மா போனோம், வாசலில் மீன் தின்றுவிட்டுத் திரும்பி வர. மூன்றாவது தடவை அந்தத் துண்டையே மேசையில் விரித்தேன். வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட வேண்டிய நாள் அது. டாக்டர் கிட்டே வந்ததும் ஒரு தடவை தலையைத் தூக்கினான். "இருங்க, அவனே வைக்கட்டும்" என்று அவர் சிரிஞ்சை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு காத்திருந்தார். வைத்தான், ஊசி போட்டாயிற்று.

இந்த முறைக்கு எல்லை உண்டு. காதில் சீழ், தோலுக்குள் போன நகம் என்று ஏற்கெனவே வலி இருக்கும் இடத்தில் மீன் வேலை செய்யாது, முதலில் வைத்தியம். பயம் முற்றிப்போன நாய்க்கு மருத்துவமனைக்கு வருமுன் கொடுக்கும் பதற்றம் தணிக்கும் மாத்திரையை டாக்டர் எழுதித் தருவார். மனிதர்களின் வலி மாத்திரையை நாமாகக் கொடுக்கவே கூடாது, பாராசிட்டமாலும் இபுபுரூஃபெனும் நாய்க்கு விஷமாகலாம்.

அவசரத்துக்கும் இது ஆகாது. போன ஆடியில் கரையில் கிடந்த தூண்டில் முள் கருப்பனின் வலது முன்பாதத்தில் ஏறிவிட்டது. அன்றைக்கு வாய்க்கூடை மாட்டி, பிடித்து, மயக்க ஊசி போட்டுத்தான் எடுத்தார்கள். அந்தத் துண்டை நான் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன். சம்மதம் கேட்கும் துண்டின்மேல் வைத்துக் கட்டாயப்படுத்தினால் இரண்டு மாத உழைப்பு ஒரே நாளில் போய்விடும். காயம் ஆறிய பிறகு அந்தக் காலுக்கு மட்டும் மறுபடி தோள்பட்டையிலிருந்து தொடங்கினோம். மற்ற மூன்று கால்களும் பழையபடியே. வலது முன்கால் இப்போது மணிக்கட்டு வரை வந்திருக்கிறது.