தீபாவளி மாதத்தை வைத்து அடுத்த மாதத்தைக் கணிக்காதீர்கள்

நான் சிறு கடைகளுக்குக் கணக்குப் பார்ப்பவன். 2024 நவம்பர் முதல் வாரத்தில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் லேப்டாப்பைத் திறந்து காட்டினார். மே முதல் அக்டோபர் வரையான விற்பனையை மகன் எக்செலில் போட்டுக் கொடுத்திருந்தான். லட்சக் கணக்கில் 20, 21, 20, 22, 23, 38. (ஆடித் தள்ளுபடி போடாத கடை, அதனால் இடையில் ஏற்ற இறக்கம் இல்லை.) A பத்தியில் மாத எண் 1 முதல் 6 வரை, B பத்தியில் விற்பனை. கீழே இந்தச் சூத்திரம்:

```
=FORECAST.LINEAR(7, B2:B7, A2:A7)
```

விடை 33.8. "கம்ப்யூட்டரே கிட்டத்தட்ட 34 வரும்னு சொல்லுது சார். ஈரோட்டுக்கு ஆர்டர் சொல்லிடவா?" என்றார்.

சூத்திரத்தில் தப்பில்லை. ஆறு புள்ளிகளுக்கும் நடுவே, புள்ளிகள் கோட்டைவிட்டு விலகும் அளவுகளின் வர்க்கங்களைக் கூட்டினால் மிகக் குறைவாக வரும்படி ஒரு நேர்கோட்டை இழுத்து, ஏழாவது மாதத்தில் அது எங்கே நிற்கிறது என்று சொல்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. வர்க்கம் எடுப்பதால், கூட்டத்தை விட்டு வெகுதூரம் போன ஒரு புள்ளிக்குப் பலம் அதிகம். அந்தப் புள்ளி வரிசையின் கடைசியில் இருந்துவிட்டால், நீளமான கம்பின் நுனியைப் பிடித்துத் தூக்குவது போல மொத்தக் கோட்டையும் தூக்கிவிடும். இங்கே தூக்கியது அக்டோபர் 38. அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 31.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. 7 என்ற இடத்தில் 5 போட்டு, செப்டம்பரைக் கேட்கச் சொன்னேன். கோடு 28.2 என்றது. உண்மையில் விற்றது 23. நடந்து முடிந்த மாதத்தையே ஐந்து லட்சம் தவறாகச் சொல்லும் கோட்டிடம் நடக்காத மாதத்தைக் கேட்டு என்ன பயன்? இதே அளவை `=STEYX(B2:B7, A2:A7)` ஒரே எண்ணாகத் தரும். கோட்டிலிருந்து மாதங்கள் பொதுவாக எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதுதான் அது. அவருக்கு 5.1 வந்தது. அக்டோபரை எடுத்துவிட்டுப் பார்த்தால் 0.8.

அக்டோபரை எடுப்பதிலும் கவனம் வேண்டும். அந்தக் கட்டத்தைக் காலியாக விடவேண்டும், 0 போடக்கூடாது. காலிக் கட்டத்தை எக்செல் தாண்டிப் போகும். 0 என்றால் அந்த மாதம் ஒன்றுமே விற்கவில்லை என்று எடுத்துக்கொண்டு நவம்பருக்கு 8.5 என்று சொல்லும். காலியாக விட்டதும் 24 வந்தது. அப்புறம் இன்னொன்று: சூத்திரத்தில் முதலில் B, பிறகு A. இரண்டையும் மாற்றிப் போட்டால் எக்செல் பிழை எதுவும் காட்டாது. அக்டோபரும் சேர்ந்த முதல் கணக்குக்கு 0.06 என்று ஏதோ ஒன்றைத் தந்துவிட்டுச் சும்மா இருக்கும்.

சரி, 24 லட்சத்துக்கு வாங்கலாமா? அதுவும் எனக்கு ஒப்பவில்லை. 24 என்பது பண்டிகையே இல்லாத சாதாரண மாதத்தின் கணிப்பு. நவம்பரில் எடுக்கவேண்டிய துணியையும் சேர்த்துத்தான் சனம் அக்டோபரிலேயே எடுத்துவிட்டது. அந்தப் பள்ளம் எவ்வளவு என்று கோட்டுக்குத் தெரியாது, கடையின் பழைய கணக்குக்குத் தெரியும்.

"அப்போ போன வருஷ நவம்பரைப் பார்க்கலாமே சார்" என்று மகன் சொன்னான். நல்ல யோசனைதான், ஆனால் அங்கேதான் பெரிய குழி. 2023இல் தீபாவளி நவம்பர் 12. போன நவம்பர்தான் அவர்களுடைய பண்டிகை மாதம்! தீபாவளி முடிந்து வந்த முழு மாதம் என்றால் 2023 டிசம்பர். அதைப் புரட்டினோம்: 16 லட்சம். அந்தச் சமயத்தில் அவர்களுடைய சாதாரண மாதம் 18 அளவில் இருந்தது. அதாவது ஒன்பதில் ஒரு பங்கு குறைவு. 24இல் ஒன்பதில் ஒரு பங்கைக் கழித்தால் 21 சொச்சம். ஒரே ஒரு ஆண்டை வைத்துப் போட்ட விகிதம் என்பதால், அதை 20க்கும் 23க்கும் நடுவே என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஆர்டரை அதற்குத் தக்கபடி குறைத்தார்.

நவம்பர் 20.5 லட்சத்தில் முடிந்தது. 34 லட்சத்துக்கு வாங்கியிருந்தால் மிச்சச் சரக்கு பொங்கல் வரை அலமாரியில் தூங்கியிருக்கும், வட்டி மட்டும் தூங்கியிருக்காது.

அவர்கள் ஷீட்டில் இப்போது C என்று ஒரு பத்தி கூடியிருக்கிறது. ஒவ்வொரு மாதத்துக்கும் எதிரே தீபாவளி மாதமா, அதற்கு அடுத்த மாதமா, சாதாரண மாதமா என்று ஒரு சொல். 2025இல் தீபாவளி அக்டோபர் 20, 2026இல் நவம்பர் 8. இரண்டையும் மகன் முன்கூட்டியே குறித்து வைத்துவிட்டான்.