ஜெர்மனி செவிலியர் நேர்காணல்: எந்தச் சொற்களை முதலில் படிப்பது?

ஜெர்மன் மொழியில் பி1 தேறிய செவிலியரும் அங்குள்ள மருத்துவமனையின் காணொளி நேர்காணலில் திணறுவதுண்டு. பெரும்பாலும் இலக்கணம் அதற்குக் காரணமல்ல. "ஒரு ஷிப்டில் என்னென்ன செய்வீர்கள்?" என்ற கேள்விக்கு ஊசி போடுவேன், டிரிப் ஏற்றுவேன், மருந்து கொடுப்பேன் என்று சரளமாகச் சொல்லிவிடுவார். அடுத்து, படுத்த படுக்கையான நோயாளியை எப்படிக் குளிப்பாட்டுவீர்கள் என்று கேட்டால் சொல் வராது.

வேலைப் பிரிவினை வேறாக இருப்பதுதான் இதற்குக் காரணம். நம் மருத்துவமனைகளில் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, பெட்பேன் வைப்பது பெரும்பாலும் உறவினர் அல்லது ஆயாவின் வேலை. ஜெர்மனியில் இது 'குருண்ட்ஃப்ளேகெ' எனப்படும் அடிப்படைப் பராமரிப்பு. பட்டம் பெற்ற செவிலியரும் இதைச் செய்தாக வேண்டும். கேனுலா போடுவதோ அங்கே பல இடங்களில் டாக்டரின் பொறுப்பு. ஆகவே மருந்துப் பெயர்களுக்கு முன், கழுவிவிடுவதற்கான 'வாஷென்', புரட்டிப் படுக்கவைப்பதற்கான 'லாகெர்ன்', வாய்ச் சுத்தத்துக்கான 'முண்ட்ஃப்ளேகெ', கீழே விழுவதைக் குறிக்கும் 'ஷ்டுர்ட்ஸ்' போன்றவற்றைப் படியுங்கள்.

அவற்றை அகரவரிசைப் பட்டியலாக மனப்பாடம் செய்வதால் பெரிய பலனில்லை. ஷிப்ட் மாறும்போது நோயாளியின் நிலையைச் சொல்லி ஒப்படைக்கும் 'யூபர்காபெ'யை வைத்துப் பழகுங்கள். வார்டில் தினமும் நடக்கும் கூட்டம் இதுதான். நேர்காணலிலும் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லச் சொன்னால் இதே வரிசை கைகொடுக்கும்.

ஓர் உதாரணம். 78 வயது ஆண், இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள். ரத்த அழுத்தம் 130/80, காய்ச்சல் 37.8 டிகிரி செல்சியஸ். இன்று 600 மில்லி மட்டுமே குடித்திருக்கிறார். வால் எலும்புப் பகுதியில் சிவந்திருக்கிறது. முதலில் நோயாளி யார், என்ன சிகிச்சை என்பது, பிறகு இப்போதைய நிலை, அதன்பின் செய்து முடித்தது, கடைசியில் மிச்சமிருப்பது. செய்ததை 'இஷ் ஹாபெ ஈன் கெலாகெர்ட்', அதாவது 'அவரைப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டேன்' என்று இறந்தகாலத்தில் சொல்ல வேண்டும். மிச்சமிருப்பதற்கு 'முஸ் நோக்' வேண்டும்: 'டெர் ஃபெர்பாண்ட் முஸ் நோக் கெவெக்ஸெல்ட் வெர்டென்', கட்டு இன்னும் மாற்றப்பட வேண்டும். பலர் இரண்டையும் நிகழ்காலத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். அப்போது எது முடிந்தது, எது பாக்கி என்று கேட்பவருக்குத் தெரியாது; கட்டு மாற்றாமலே இரவு கழிந்துவிடும்.

எண்களில் இன்னும் கவனம் வேண்டும். ஜெர்மனில் 24 என்பதை 'ஃபியர்-உண்ட்-ட்ஸ்வான்ஸிஷ்', நான்கும் இருபதும் என்று சொல்வார்கள். கேட்டவுடன் எழுதும் பழக்கமுள்ளவர் முதலில் 4 போட்டு, 24-ஐ 42 ஆக்கிவிடுவார். சர்க்கரை அளவில் 243-ம் 234-ம் இடம் மாறுவது இப்படித்தான். எண் முழுவதும் காதில் விழுந்த பிறகே பேனாவை வையுங்கள். தோழி ஒருவரை தினம் 20 எண்கள் வாசிக்கச் சொல்லி எழுதிப் பாருங்கள். நேரத்திலும் இதே ஆபத்துண்டு: 'ஹால்ப் அக்ட்' என்பதில் எட்டு இருந்தாலும் அது 7.30-ஐக் குறிக்கும்.

நோயாளிக்கு நேரடி ஆபத்து தரக்கூடியது வினைச்சொல்லின் முன்னொட்டு. 'அன்ஸெட்ஸென்' என்றால் ஒரு மருந்தைத் தொடங்குவது, 'அப்ஸெட்ஸென்' என்றால் நிறுத்துவது. டாக்டர் கட்டளையாகச் சொல்லும்போது இந்த 'அன்', 'அப்' பிரிந்து வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும். 'ஸெட்ஸென் ஸீ டாஸ் ஹெபாரின் அப்' என்பதில் கடைசிச் சொல்லைக் கோட்டைவிட்டால் எதிர்மாறாகச் செய்துவிடலாம். நமக்கு வினை கடைசியில் வருவது பழக்கம்தான் என்றாலும், தொடங்கு, நிறுத்து என்பதையே ஓரசை தீர்மானிப்பது புதிது.

சந்தேகம் வந்தால் தலையாட்டி 'யா, யா' என்பது மிகக் கெட்ட பழக்கம். 'ஹாபெ இஷ் டாஸ் ரிஷ்டிஷ் ஃபெர்ஷ்டாண்டென்?', நான் சரியாகப் புரிந்துகொண்டேனா, என்று கேட்டுவிட்டு மருந்து, அளவு, நேரம் மூன்றையும் உங்கள் வாயால் திருப்பிச் சொல்லுங்கள். நேர்காணலில் கேள்வி புரியாதபோதும் இந்த வாக்கியம் உதவும். புரியாமல் பதில் சொல்பவரைவிடத் திருப்பிக் கேட்பவரைத்தான் வார்டில் நம்பி விடமுடியும்.

இந்த ஒலிகளைத் தமிழில் எழுதிப் படிக்காதீர்கள். நம் 'ப' ஒன்றே அவர்களின் இரண்டு ஒலிகளுக்கு நிற்பதால் உச்சரிப்பு தடம் மாறும். இங்கே கொடுத்திருப்பது சொல்லை அடையாளம் காட்ட மட்டுமே. நோட்டில் ஜெர்மன் எழுத்திலேயே எழுதி, ஒலிப்பதிவைக் கேட்டுப் பழகுங்கள்.

கடைசியில் "உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். அப்போது 'அய்ன்-ஆர்பைடுங்' எனப்படும் தொடக்கப் பயிற்சி எத்தனை வாரம், அந்த நாட்களில் தனியாக இரவு ஷிப்ட் பார்க்க வேண்டியிருக்குமா என்று கேளுங்கள்.