ட்ரஸின் நகர்வை மட்டும் வரைவது: வில்லியோ வரைபடம்

நான்கு மீட்டர் நீள எஃகு உறுப்பு ஒன்று சுமையால் ஒரு மில்லிமீட்டர் குறுகுகிறது. அது சேர்ந்திருக்கும் ட்ரஸை, அதாவது நேரான உறுப்புகளை மூட்டுகளில் இணைத்த சட்டகத்தை, 1:50 அளவில் வரைந்தால் அந்தக் குறுக்கம் தாளில் 0.02 மி.மீ. பென்சில் கோட்டின் தடிமனே அதைவிட அதிகம். பிரெஞ்சுப் பொறியாளர் வில்லியோ 1877-இல் இதற்கு ஒரு வழி சொன்னார்: ட்ரஸின் உருவத்தை விட்டுவிட்டு, மூட்டுகளின் நகர்வை மட்டும் பெரிதாக்கி வரையலாம்.

சுவரில் பொருத்திய ஒரு சிறு தாங்கியை எடுத்துக்கொள்வோம். சுவரில் இரண்டு மூட்டுகள்: மேலே க, அதற்கு நேர் கீழே 3 மீட்டரில் ச. சுவரிலிருந்து வலப்பக்கம் 4 மீட்டர் வெளியே இன்னும் இரண்டு: ச-வின் மட்டத்தில் ட, க-வின் மட்டத்தில் த. உறுப்புகள் நான்கு: சாய்வான க-ட 5 மீ, கிடையான ச-ட 4 மீ, நிலைக்குத்தான ட-த 3 மீ, மேலே க-த 4 மீ. த-வில் 30 கிலோநியூட்டன் சுமை கீழ்நோக்கி இருக்கிறது. எல்லாமே எஃகு, குறுக்குவெட்டு 1000 சதுர மி.மீ.

முதலில் விசைகள். ட-த முழுச் சுமையையும் அமுக்கமாக ஏற்கிறது. க-த-வில் விசையே இல்லை. க-ட-வில் 50 கிலோநியூட்டன் இழுவிசை, ச-ட-வில் 40 அமுக்கம். எஃகின் யங் குணகம் 200 கிலோநியூட்டன்/சதுர மி.மீ. என்பதால், விசையையும் நீளத்தையும் பெருக்கி, குறுக்குவெட்டுப் பரப்பாலும் யங் குணகத்தாலும் வகுக்கும் δ = FL/AE தரும் நீள மாற்றங்கள்: க-ட 1.25 மி.மீ. நீள்கிறது; ச-ட 0.80, ட-த 0.45 குறுகுகின்றன.

இனி வரைதல். உண்மையான 1 மி.மீ. நகர்வுக்குத் தாளில் 20 மி.மீ. என்று வைப்போம். க, ச இரண்டும் அசையாதவை. ஆகவே இரண்டுக்கும் ஒரே புள்ளி, அதுவே தொடக்கம். க-ட நீள்வதால் ட, க-வை விட்டு விலகும். எனவே தொடக்கத்திலிருந்து க-ட-வுக்கு இணையாக வலது கீழ்ப்பக்கம் 25 மி.மீ. கோடு. ச-ட குறுகுவதால் ட, ச-வை நோக்கி வரும். அதே தொடக்கத்திலிருந்து இடப்பக்கம் 16 மி.மீ. கோடு. இப்போது ஒவ்வொரு கோட்டின் முனையிலும் அந்தந்தக் கோட்டுக்குச் செங்குத்து எழுப்புங்கள். இரண்டும் வெட்டும் புள்ளிதான் ட: தொடக்கத்துக்கு இடப்பக்கம் 16, கீழே 63. அதாவது 0.80 மி.மீ. சுவரை நோக்கி, 3.15 கீழே.

ஏன் செங்குத்து? க-வை மையமாக வைத்து உறுப்பு சுழலும்போது அதன் முனை வட்டவில்லில்தான் நகர வேண்டும். ஆனால் இங்கே க-ட சுழல்வதால் ட பக்கவாட்டில் போவது 3 மி.மீ., ஆரமோ 5000. வில்லுக்கும் நேர்கோட்டுக்கும் உள்ள விலகல் சுமார் 0.001 மி.மீ. தான்.

அடுத்து த. ட புள்ளியிலிருந்து கீழே 9 மி.மீ. கோடு (ட-த குறுகுகிறது), அதன் முனையில் அதற்குச் செங்கோணத்தில் ஒரு கிடைக்கோடு. க-த நீளம் மாறாததால் அதற்கு முதற்கோடே கிடையாது. தொடக்கத்திலிருந்தே நிலைக்குத்தான கோடு போதும். வெட்டுமிடம் நேர் கீழே 72: த 3.60 மி.மீ. இறங்குகிறது. ஆற்றலை வைத்துச் சரிபார்க்கலாம்: சுமை செய்யும் வேலையும் உறுப்புகளில் சேரும் ஆற்றலும் சமமாக வேண்டும், இரு பக்கமும் வரும் பாதி என்ற காரணியை விட்டுவிடலாம். 30 × 3.60 = 108; உறுப்புகளில் 50 × 1.25 + 40 × 0.80 + 30 × 0.45 = 108.

பெரும்பாலும் தவறு நடப்பது திசையில். ச-ட-வின் 16 மி.மீ. கோட்டை வலப்பக்கம் போட்டுவிட்டால் ட வெறும் 1.02 மி.மீ. இறங்கியதாக வரும். படம் பார்க்க ஒழுங்காகவே இருக்கும். மேற்படி ஆற்றல் கணக்குதான் காட்டிக்கொடுக்கும். “எந்த மூட்டு தெரிந்தது, எது தேடுவது” என்று ஒவ்வொரு கோட்டுக்கும் முன் கேட்பதே வழி. இன்னொன்று, இரு உறுப்புகள் மிகக் குறுகிய கோணத்தில் சேர்ந்தால் செங்குத்துகளும் ஏறத்தாழ ஒரே திசையில் ஓடும். வெட்டுப்புள்ளி எங்கே என்பது ஸ்கேல் பிடிக்கும் கையைப் பொறுத்ததாகிவிடும்.

இங்கே அசையாத இரு மூட்டுகள் கையில் இருந்ததால் தொடங்க முடிந்தது. ஒரு முனையில் கீலும் மறுமுனையில் உருளையும் தாங்கும் பாலத்தில் அப்படி இல்லை. கீல் மூட்டிலிருந்து கிளம்பும் ஓர் உறுப்பு சுழலவில்லை என்று கருதி வரைந்து போனால், கடைசியில் உருளை மூட்டு தன் தளத்தைவிட்டு எழும்பியோ புதைந்தோ நிற்கும். முழு ட்ரஸையும் கீலைச் சுற்றிச் சிறிது திருப்பி அதைத் தளத்தில் இருத்த வேண்டும். அந்தத் திருப்பத்தை, ட்ரஸையே 90 பாகை திருப்பிய சிறு படமாக அதே தாளில் சேர்க்கலாம் என்று 1887-இல் ஜெர்மன் பொறியாளர் மோர் காட்டினார். சமச்சீரான ட்ரஸும் சமச்சீரான சுமையும் என்றால், நடுச் செங்குத்து உறுப்பிலிருந்து தொடங்கினால் திருப்பமே தேவையில்லை.

கட்டிய பின் அளந்தால் நகர்வு கணக்கைவிட அதிகமாக வருவதுண்டு. போல்ட் துளை போல்ட்டைவிடச் சற்றுப் பெரியது. சுமையில் இணைப்பு நழுவும். க-ட-வில் மொத்தம் 1 மி.மீ. நழுவினால் அதையும் நீட்சியோடு கூட்டி 25-க்குப் பதில் 45 மி.மீ. கோடு போடுங்கள். ட 3.15-இலிருந்து 4.82-க்கு இறங்கிவிடும்.