பிளஸ் டூ அட்டவணையில் இடைவெளி நாட்களையும் எண்ணுங்கள்

பொதுத்தேர்வுத் தேதி வெளியானதும் பிளஸ் டூ அட்டவணை ஸ்கிரீன்ஷாட்டாக வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். பிள்ளைகள் அதைப் பார்த்த வேகத்தில் ஒரு நோட்டை எடுத்து, பாடத்துக்கு ஒரு நாள் என்று கோடு போட்டுவிடுவார்கள். டியூஷனில் ஆண்டுதோறும் நான் பார்ப்பது இதைத்தான். அந்தத் திட்டம் ஒரு வாரம்கூடத் தாங்காது.

முதலில் அந்தப் படம் சரியானதா என்று பாருங்கள். போன வருட அட்டவணையும் பிளஸ் ஒன் அட்டவணையும் கலந்தே சுற்றும். தேதியோடு கிழமையும் போட்டிருந்தால் காலண்டரில் ஒத்துப்பாருங்கள். மார்ச் 3, 2025இல் திங்கள், 2026இல் செவ்வாய். இதிலேயே பழைய படம் பிடிபட்டுவிடும். அப்புறம் dge.tn.gov.in தளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிட்டால் போதும்.

அடுத்து, உங்கள் குரூப்புக்கு உரியதை மட்டும் தனியே எழுதுங்கள். ஒரே தேதியில் பல குரூப்புகளின் பாடங்கள் வரிசையாக இருக்கும். ஒரு தேதியில் உங்களுக்குப் பாடமே இல்லையென்றால், அந்த நாளும் உங்களுக்குப் படிக்கும் நாள்தான். ஸ்கிரீன்ஷாட்டை மேலோட்டமாகப் பார்ப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

விளக்கத்துக்காக நானே ஒரு அட்டவணை வைத்துக்கொள்கிறேன். தமிழ் 2ஆம் தேதி, ஆங்கிலம் 6, கணிதம் 10, கணினி அறிவியல் 13, உயிரியல் 17, வேதியியல் 20, இயற்பியல் 24. மாணவி எடுத்திருப்பது கணினி அறிவியல் குரூப். அவளுக்கு 17ஆம் தேதி தேர்வு இல்லை. ஆகவே வேதியியலுக்கு முன் முழுதாக 6 நாள் கிடைக்கிறது. கணிதத்துக்கு 3, கணினிக்கு 2, இயற்பியலுக்கு 3.

இனி எடை போடுவோம். பாட அளவுக்கு அத்தியாய எண்ணிக்கை போதும்: கணிதம் 12, இயற்பியல் 11, வேதியியல் 15, கணினி அறிவியல் 16. வேதியியலில் 'அன்றாட வாழ்வில் வேதியியல்' போன்ற சின்னப் பாடத்தை அரையாகவும், கரிம நைட்ரஜன் சேர்மங்களை ஒன்றரையாகவும் எடுத்தால் நியாயமாக இருக்கும். கூட்டினால் அதே 15தான்.

கடினத்துக்கு 1, 2, 3 என்று எண் கொடுங்கள். ஆனால் மனதுக்குத் தோன்றியபடி கொடுக்காதீர்கள். பிடித்த பாடம் எப்போதும் சுலபமாகத்தான் தெரியும். திருப்புதல் தேர்வு விடைத்தாளை எடுத்து, தெரியாமல் விட்ட மதிப்பெண்ணையும் கவனக்குறைவால் போனதையும் தனித்தனியே கூட்டுங்கள். தெரியாமல் விட்டதை வைத்துத்தான் எண் கொடுக்க வேண்டும். இந்த மாணவிக்குக் கணிதம் 3, வேதியியல் 2, இயற்பியல் 2, கணினி 1 என்று வந்தது என வைத்துக்கொள்வோம். அத்தியாயத்தோடு பெருக்கினால் 36, 30, 22, 16. மொத்தம் 104 புள்ளி.

தேர்வு தொடங்குவதற்கு முன் 30 நாள் இருக்கிறது. செய்முறைத் தேர்வு நாட்களைக் கழித்த பிறகு இருப்பது இது. அதில் 4 நாளை எதுவும் எழுதாமல் விட்டுவிடுங்கள். காய்ச்சல், கல்யாணம் எல்லாம் அதில் போகும். மீதி 26 நாளில் தினம் 5 மணி நேரம் என்றால் 130 மணி. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் 26 மணி ஒதுக்கினால் மிச்சம் 104. புள்ளிக்கு ஒரு மணி, கணக்கு முடிந்தது என்று பலர் இங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

முடியவில்லை. இந்த நான்கு பாடங்களின் தேர்வுகளுக்கு முன் இடைவெளியாகக் கிடைக்கும் 14 நாளில் தினம் 8 மணி வீதம் இன்னும் 112 மணி இருக்கிறது. எல்லாம் சேர்த்தால் 216 மணி; ஒரு புள்ளிக்கு ஏறக்குறைய 2 மணி. கணிதத்துக்கு மொத்தம் 72 மணி தேவை, இடைவெளியில் கிடைப்பது 24 மணிதான். ஆகவே 48 மணியை முன்கூட்டியே போட்டாக வேண்டும். வேதியியலுக்கு 60 மணி தேவை, இடைவெளியே 48 தந்துவிடுகிறது. முன்னால் 12 மணி போதும். இயற்பியலுக்கு 20, கணினிக்கு 16. மிஞ்சும் 8 மணியில் பழைய வினாத்தாள் எழுதிப் பார்க்கலாம்.

இடைவெளியைக் கணக்கில் எடுக்காதபோது வேதியியலுக்கு 30 மணி போட்டிருந்தோம், கணிதத்துக்கு 36. எவ்வளவு மாறிவிட்டது பாருங்கள்.

அந்த 12 மணியை ஒரே மூச்சில் முடித்துவிடக் கூடாது. கரிம வேதியியல் வினைகள் மாதக்கணக்கில் தொடாமல் நினைவில் நிற்காது. இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு மணி நேரத்துக்குள் எழுதிப் பார்ப்பதாகப் பிரித்துவிடுங்கள். அந்த 6 நாள் இடைவெளியும் ஆபத்தானதுதான். முதல் இரண்டு நாள் 'இன்னும் நேரம் இருக்கே' என்று போய்விடும். எந்த நாளில் எந்த அத்தியாயம் என்பதை இப்போதே எழுதி வையுங்கள்.

முதல் வார முடிவில் ஒன்றை மட்டும் சோதியுங்கள். இந்தக் கணக்கில் ஒரு கணித அத்தியாயத்துக்கு இப்போது கிடைப்பது 4 மணி. இரண்டு அத்தியாயம் முடித்த பிறகும் ஒவ்வொன்றுக்கும் 5, 6 மணி ஆகியிருந்தால் நம் மதிப்பீடு குறைவு. அப்போது கூடுதல் நேரத்தைக் கணினியிலிருந்தும் அந்த 8 மணியிலிருந்தும் எடுங்கள், காலியாக விட்ட 4 நாளைத் தொடாதீர்கள். அதுவும் போதவில்லையா? சில அத்தியாயங்களில் கடினமான ஐந்து மதிப்பெண் கணக்குகளை விட்டுவிட்டு, சிறு வினாக்களோடு நிறுத்திக்கொள்ளலாம். எந்த அத்தியாயம் என்பதை ஆசிரியரிடம் கேட்டு இப்போதே முடிவு செய்யுங்கள், தேர்வுக்கு முதல் நாள் இரவில் அல்ல.